‘முட்டுக்கட்டை’க்குப் பின்னால் என்ன இருக்கிறது? அலுவலக எழுத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையதளம் செய்துகொடுக்கும் ஒரு குழுவிலிருந்து வாடிக்கையாளருக்குப் போகவிருந்த மின்னஞ்சல் ஒன்று திருத்துவதற்காக என்னிடம் வந்தது.

“பணிகள் போர்க்கால அடிப்படையில் முடுக்கிவிடப்பட்டுள்ளன. எஞ்சிய முட்டுக்கட்டைகளைக் களைந்து விரைவில் முக்கிய மைல்கல்லை எட்டுவோம்.”

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் தளம் எப்போது திறக்கும், அதற்குத் தான் ஏதாவது செய்ய வேண்டுமா என்பது படிப்பவருக்குத் தெரியாது. முட்டுக்கட்டை என்பது வண்டி உருளாமல் இருக்கச் சக்கரத்தடியில் வைக்கும் கட்டை. களைவது வயலில் களை எடுப்பது. கட்டையை யாராவது களைவார்களா? எழுதியவர் மனதில் வண்டியும் இல்லை, வயலும் இல்லை. அதனால்தான் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன.

இந்த இடத்தில் பலர் ‘தடைக்கல்’ என்றோ ‘சவால்’ என்றோ மாற்றிவிட்டுத் திருத்தம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். செய்தி அப்போதும் வந்து சேரவில்லை. அகராதியை மூடிவிட்டு எழுதியவரிடம் கேட்க வேண்டும்: எந்த வேலை நிற்கிறது? யார் தர வேண்டியது வரவில்லை? எத்தனை நாளாக? நான் கேட்டேன். ‘போர்க்கால அடிப்படை’ பற்றியும் கேட்டேன். வழக்கமாக வேலை செய்யும் அதே 2 பேர்தான், கூடுதல் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அந்தத் தொடருக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாததால் அதை அப்படியே நீக்கிவிட்டோம். மற்றது இப்படி ஆனது:

“15 பக்கங்களில் 14 தயார். பணம் செலுத்தும் பக்கத்தைச் சோதிக்க உங்கள் வங்கி தர வேண்டிய சோதனைக் கணக்கு 9 நாட்களாக வரவில்லை. வியாழக்கிழமைக்குள் வந்தால் 28ஆம் தேதி தளத்தைத் திறக்கலாம். வராவிட்டால் ஒரு வாரம் தள்ளிப்போகும். நீங்கள் வங்கியிடம் ஒரு முறை பேச முடியுமா?”

நீளம் கூடிவிட்டது, உண்மைதான். சுருக்கமாக எழுத வேண்டும் என்ற பெயரில் பழைய வாக்கியத்துக்குத் திரும்புவதும் ஒரு தவறுதான். அதில் இல்லாத தேதி, காரணம், வேண்டுகோள் மூன்றும் இதில் இருக்கின்றன.

‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’, ‘ஆவன செய்யப்படும்’ போன்றவற்றில் செய்பவரே காணாமல் போகிறார். யார், என்ன செய்வார் என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்த வேலை இன்னும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை என்று அர்த்தம். அதைக் கடிதம் அனுப்பும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. தேதி தெரியாதபோதும் ‘விரைவில்’ வேண்டாம். “தேதி இன்னும் முடிவாகவில்லை, செவ்வாய்க்கிழமை சொல்கிறேன்” என்றால் அவர் அதுவரை காத்திருப்பார்.

அதற்காக எல்லா உருவகத்தையும் துரத்த வேண்டியதில்லை. ‘விலை ஏறியது’, ‘வேலை நிற்கிறது’ என்பவையும் ஒரு காலத்தில் உருவகம்தான். எவ்வளவு ஏறியது, எது நிற்கிறது என்று கூடவே சொல்லிவிட்டால் அவற்றை அப்படியே விட்டுவிடலாம்.