வெள்ளி ராத்திரி போட்ட சேலை வியாழனே போனது எப்படி? போஸ்ட் ஷெட்யூல் செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்க நேரில் வருகிற கூட்டம் ஒரு பக்கம். போனில் படம் பார்த்து, "அந்த மாம்பழ கலர் எனக்கு எடுத்து வைங்க" என்று சொல்லும் கூட்டம் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது கூட்டத்தில் டொராண்டோ, லண்டன், சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருக்கும் நம் ஆட்களும் உண்டு. அவர்கள் வேலை முடிந்து, சாப்பிட்டு, போனைக் கையில் எடுக்கும் நேரத்துக்குப் போஸ்ட் போக வேண்டும். அந்த நேரத்தில் இங்கே கடைக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார். அதனால்தான் ஷெட்யூல்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். நீங்கள் பெட்டியில் தேதியும் மணியும் தட்டியதும், அது எந்த ஊர் மணி என்பதைச் செயலி தன் டைம் ஜோன் அமைப்பைப் பார்த்து முடிவு செய்கிறது. அதை யூடிசி என்ற பொது நேரத்துக்கு மாற்றிச் சேமித்துக்கொள்கிறது. நம் நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுவது. ஆகவே இந்திய நேரம் சனிக்கிழமை காலை 5:30 என்று போட்டால், உள்ளே பதிவாவது சனிக்கிழமை யூடிசி 00:00. அந்த நொடி வந்ததும் போஸ்ட் வெளியே போகும், உலகம் முழுக்க ஒரே நேரத்தில். "இரவு 8 மணி என்று போட்டால் அவரவர் ஊரில் இரவு 8 மணிக்குப் போகும்" என்று நினைப்பவர்கள் நிறைய பேர். ஈமெயில் அனுப்பும் சில சேவைகளில் பெறுபவரின் ஊர் நேரப்படி அனுப்பும் வசதி உண்டு. சாதாரண போஸ்ட்டுக்கு அப்படிக் கிடையாது. டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் இரவு 8 மணி வேண்டுமென்றால் இரண்டு போஸ்ட்தான் போட வேண்டும்.

அடுத்தது தேதி. மணியைச் சரியாகக் கணக்குப் போட்டுவிட்டுத் தேதியில் கோட்டை விடுவதுதான் எங்கள் பக்கம் அதிகம் நடப்பது. தெரிந்த கடைக்கார அக்கா ஒருவர் டொராண்டோ வாடிக்கையாளர்களுக்கு வெள்ளி இரவு 8 மணிக்குப் புது ரகம் காட்ட நினைத்தார். அப்போது கோடைக்காலம், டொராண்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். இரவு 8 என்றால் நமக்குக் காலை 5:30. இதுவரை கணக்கு சரி. தேதியில் "வெள்ளி" என்று மனதில் இருந்ததால் வெள்ளிக்கிழமையையே தொட்டுவிட்டார். இந்திய வெள்ளி காலை 5:30 என்பது டொராண்டோவில் வியாழன் இரவு 8. "இன்னாண்ணே, வெள்ளிக்கிழமை போட்டது வியாழக்கிழமையே போயிருக்கு?" என்று கேட்டார். போன் மேல் சந்தேகம், நெட் மேல் சந்தேகம். செயலி சொன்னதைத்தான் செய்திருந்தது. அமெரிக்கா, கனடா பக்கம் மாலை என்றால் நமக்கு மறுநாள் விடிகாலை. அங்கே வெள்ளி இரவு வேண்டுமென்றால் இங்கே சனிக்கிழமையைத் தொட வேண்டும்.

லண்டனுக்கு இதே தவறு வேறு முகத்தில் வரும். கோடையில் லண்டன் வெள்ளி இரவு 8 மணி என்பது நமக்கு நள்ளிரவு 12:30. அதை நாம் பேச்சில் "வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டரை" என்றுதான் சொல்வோம், விடியும் வரை நமக்கு அது வெள்ளி ராத்திரிதான். காலண்டருக்கு அது சனி, 12:30 AM. வெள்ளியைத் தொட்டு 12:30 AM வைத்தால் ஒரு நாள் முன்னாலேயே போய்விடும். வெள்ளியைத் தொட்டு 12:30 PM வைத்தால், அது பட்டப்பகல் பன்னிரண்டரை. 24 மணி நேர முறைக்குப் போனை மாற்றிக்கொண்டால் இந்த இரண்டாவது வம்பு ஒழியும், 00:30 என்பதைப் பகல் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

இனி கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். நம் ஊர்க் கடிகாரம் வருடம் முழுக்க ஒரே மாதிரி ஓடும். டொராண்டோவிலும் லண்டனிலும் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துவார்கள், அதுவும் ஒரே நாளில் இல்லை. லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முன்னே, அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே. டொராண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னே, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே. இது எம்.சி. ரோட்டுக்கு என்ன சம்பந்தம் என்றால், தீபாவளிச் சீசன் பெரும்பாலும் இந்த மாற்றத்தை ஒட்டியேதான் வரும்.

2026-ஐ எடுத்துக்கொள்வோம். தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. லண்டன் கடிகாரம் அக்டோபர் 25-இல் மாறுகிறது, டொராண்டோ நவம்பர் 1-இல். அக்கா அக்டோபர் 20-ஆம் தேதி உட்கார்ந்து, அக்டோபர் 23, 30, நவம்பர் 6 ஆகிய மூன்று வெள்ளி இரவுகளுக்கும் டொராண்டோ போஸ்ட்களை ஷெட்யூல் செய்கிறார் என்று வைப்போம். போனில் "டொராண்டோவில் இப்போது மணி என்ன" என்று தேடுகிறார். வித்தியாசம் ஒன்பதரை மணி நேரம் என்று தெரிகிறது. மூன்றுக்கும் மறுநாள் சனி காலை 5:30 வைக்கிறார். முதல் இரண்டும் டொராண்டோவில் சரியாக இரவு 8 மணிக்குப் போகும். நவம்பர் 6-க்கு வித்தியாசம் பத்தரை மணி நேரம் ஆகியிருக்கும், அதனால் நவம்பர் 7 காலை 5:30-க்கு வைத்த போஸ்ட் அங்கே மாலை 7 மணிக்கே போய்விடும். சரியான நேரம் 6:30. ஒரு மணி நேரம்தானே என்று விட முடியாது. தீபாவளிக்கு முன் கடைசி வெள்ளி, ரகத்துக்கு நாலைந்து சேலைதான் இருக்கும். 8 மணிக்கு என்று சொல்லி வைத்திருந்த பழைய வாடிக்கையாளர் வந்து பார்க்கும்போது நல்லதெல்லாம் போயிருக்கும்.

அவர் செய்த தவறு, இன்றைய வித்தியாசத்தை எடுத்து இன்னொரு நாளுக்குப் பயன்படுத்தியது. போஸ்ட் போகும் நாளில் வித்தியாசம் எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும். இதே வாரங்களில் லண்டனுக்கும் போடுபவர்கள் கவனிக்க: அக்டோபர் 23 வெள்ளி இரவு 8 என்றால் நமக்கு சனி 12:30 AM, அக்டோபர் 30 என்றால் சனி 1:30 AM. அதாவது அக்டோபர் 30 வாரத்தில் லண்டன் மாறிவிட்டது, டொராண்டோ மாறவில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்தைக் கூட்டிப் போட்டாலும் தப்பு.

கையால் கணக்குப் போட வேண்டாம் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. சில ஷெட்யூல் செயலிகளில் உங்கள் அக்கவுண்டுக்கென்று ஒரு டைம் ஜோனைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே ஊர்ப் பெயரோடு இருப்பதை எடுங்கள், `America/Toronto` மாதிரி. அதில் எந்த நாளில் எவ்வளவு வித்தியாசம் என்ற விதியும் சேர்ந்தே இருக்கும், வெள்ளி இரவு 8 என்று நேரடியாகப் போடலாம். `UTC-04:00` என்று எண்ணாக இருப்பதை எடுத்தால் அது கடிகார மாற்றம் எதையும் அறியாது, நவம்பர் 6 போஸ்ட் அதிலும் 7 மணிக்கே போகும். `EST` என்ற மூன்றெழுத்தைப் பார்த்து டொராண்டோ என்று நம்புவதும் ஆபத்து. அது குளிர்கால நேரம். அக்டோபரில் அதை வைத்து இரவு 8 என்று போட்டால் அங்கே 9 மணிக்குப் போகும். `IST` கூட நமக்கு மட்டும் சொந்தமில்லை, அயர்லாந்தும் இஸ்ரேலும் அதே எழுத்துகளைப் பயன்படுத்துகின்றன. நம் நேரத்துக்குப் பட்டியலில் தேட வேண்டியது `Asia/Kolkata`. சென்னை என்று தேடி, கிடைக்காமல், கைக்கு வந்த வேறு எதையோ அழுத்திவிடுகிறவர்கள் உண்டு.

அக்கவுண்டுக்கென்று தனி டைம் ஜோன் இல்லாத செயலிகள் பெரும்பாலும் போன் அல்லது கணினியின் நேரத்தையே எடுத்துக்கொள்ளும். இங்கேதான் இரண்டு பேர் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் கடைகளில் சண்டை வரும். அக்கா இங்கிருந்து சனி காலை 5:30-க்கு வைத்ததை, டொராண்டோவில் இருக்கும் அவர் தம்பி மகள் திறந்து பார்த்தால் வெள்ளி இரவு 8:00 என்று காட்டும். இருவர் பார்ப்பதும் ஒரே நொடிதான். அக்காவே ஒரு கல்யாணத்துக்குச் சிங்கப்பூர் போய், அங்கே போனைத் திறந்தால் அதே போஸ்ட் காலை 8:00 என்று காட்டும், சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால். "ஐயோ, மாறிப்போச்சே" என்று பதறி அதை 5:30 ஆக்கினால், அப்போதுதான் உண்மையிலேயே கெடும். வெளியூரில் இருக்கும்போது ஏற்கெனவே வைத்ததைத் தொடாமல் இருப்பதே நல்லது. புதிதாக வைப்பதானால், பெட்டிக்குப் பக்கத்தில் எந்த டைம் ஜோன் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வையுங்கள். யூடியூபில் அந்த இடத்திலேயே டைம் ஜோனையும் தேர்ந்தெடுக்கலாம்.

அப்புறம், செயலி மாற்றுவது ஷெட்யூல் நேரத்தை மட்டும்தான். போஸ்ட்டுக்குள் நீங்கள் எழுதும் "இன்று இரவு 10 மணி வரை தள்ளுபடி" என்பதை அது தொடாது. டொராண்டோக்காரர் அதைத் தன் ஊர் 10 மணி என்றுதான் படிப்பார். "டொராண்டோ நேரம், நவம்பர் 6 வெள்ளி இரவு 10 மணி வரை" என்று ஊரும் தேதியும் சேர்த்து எழுதுங்கள். படத்துக்குள்ளேயே மணியை அடித்துவிட்டால் இன்னும் சிக்கல், கடைசி நேரத்தில் திருத்தவும் முடியாது.

போஸ்ட் தப்பான நேரத்தில் போய்விட்டதென்றால், எவ்வளவு தப்பு என்பதை அளந்தாலே பாதி காரணம் தெரிந்துவிடும். சரியாக ஒரு மணி நேரம் என்றால் கடிகார மாற்றம். ஐந்தரை மணி நேரம் தாமதம் என்றால் அக்கவுண்டின் டைம் ஜோன் யூடிசியில் இருக்கிறது. ஒன்பதரை அல்லது பத்தரை என்றால் டொராண்டோ நேரத்தையும் நம் நேரத்தையும் மாற்றிப் படித்திருக்கிறீர்கள். பன்னிரண்டு என்றால் AM, PM. இருபத்துநான்கு என்றால் தேதி. இதிலெல்லாம் அடங்காமல் மூன்று நிமிடம், ஏழு நிமிடம் என்று ஒழுங்கில்லாமல் தள்ளிப்போனால் டைம் ஜோனில் தேடாதீர்கள். வீடியோ இன்னும் தயாராகி முடியவில்லையா, செயலியின் வரிசையில் காத்திருந்ததா என்று பாருங்கள்.