நடுவில் மாறும் சந்தா ஒப்பந்தம்: மென்பொருள் வருவாய்த் தணிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சந்தா முறையில் மென்பொருள் விற்கும் நிறுவனத்தின் தணிக்கைக் கோப்பில் பெரும்பாலும் ஓர் அட்டவணை இருக்கும். தொடக்க ஒத்திவைப்பு வருவாயுடன் ஆண்டில் அனுப்பிய இன்வாய்ஸ்களைக் கூட்டி, கணக்கில் எடுத்த வருவாயைக் கழித்தால் இறுதி இருப்பு வரும். அந்த இருப்பு பேரேட்டுடன் ரூபாய் பிசகாமல் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுவதே இத்துறையில் மிகவும் பரவலான தவறு. அட்டவணையில் உள்ள ஒவ்வொரு வரியும் தொடக்க நாள், முடிவு நாள், தொகை என்ற மூன்று புள்ளிகளிலிருந்து கணக்கிடப்படுகிறது. அந்த மூன்றில் ஒன்று தவறாக இருந்தாலும் கூட்டலும் கழித்தலும் சரியாகவே வரும். சந்தா ஒப்பந்தத்தில் அந்தப் புள்ளிகள் தவறாவது, பெரும்பாலும், காலத்தின் நடுவில் ஒப்பந்தம் மாறும்போதுதான்.

இந்தியாவில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மற்ற நிறுவனங்களும் பின்பற்றும் வருவாய்க் கணக்கியல் தரநிலையான இண்ட் ஏஎஸ் 115, 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அது சர்வதேசத் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 15-ஐ ஒட்டியது. அதன்படி, வாடிக்கையாளர் இணையம் வழியாக மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் பெறும்போது, ஒவ்வொரு நாளும் கிடைக்கும் சேவை தனித்துப் பிரிக்கக்கூடிய ஒன்றாகவும், எல்லா நாள்களும் சேர்ந்து ஒரே தன்மையுள்ள தொடராகவும் கருதப்படும். முன்கூட்டி வாங்கிய பணம் ஒப்பந்தப் பொறுப்பாக, அதாவது நாம் வழக்கமாக ஒத்திவைக்கப்பட்ட வருவாய் என்று சொல்லும் இருப்பாக நின்று, காலம் செல்லச் செல்ல வருவாயாக மாறும். திருத்தம் வரும்போது எந்த வழியில் கணக்கு வைப்பது என்பதை இந்தத் ‘தனித்துப் பிரிக்கக்கூடிய நாள்கள்’ என்ற கருத்தே தீர்மானிக்கிறது.

எப்படிக் கணக்கு வைப்பது என்பதற்கு முன், எந்தெந்தத் திருத்தங்கள் நடந்தன என்று கண்டறிய வேண்டும். பல கோப்புகள் சறுக்குவது இங்குதான். ஒத்திவைப்பு அட்டவணையிலிருந்து மாதிரி எடுத்து, அந்த வரிகளுக்கு உரிய ஒப்பந்தத்தைக் கேட்டுப் பெற்றுச் சரிபார்த்தால், அட்டவணையில் ஏறிய ஒப்பந்தங்களை மட்டுமே பார்த்திருப்போம். விற்பனைப் பிரிவு மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டு, கணக்குப் பிரிவுக்குச் சொல்லாமல் விட்ட திருத்தம் அந்த வழியில் ஒருபோதும் சிக்காது. சோதனை எதிர்த் திசையிலும் நடக்க வேண்டும். விற்பனைப் பதிவு மென்பொருளில் உள்ள திருத்த ஆணைகள், பில்லிங் மென்பொருளில் தொடக்க நாளையும் முடிவு நாளையும் யார் எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் உண்மையில் திறந்துவிடப்பட்டுள்ள பயனர் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் எடுத்து அங்கிருந்து பேரேட்டை நோக்கி வர வேண்டும். 100 பேருக்கு இன்வாய்ஸ் போன இடத்தில் 150 பேர் உள்நுழைந்துகொண்டிருந்தால் அங்கே ஒரு கேள்வி இருக்கிறது. இந்த அறிக்கைகளை நிறுவனமே எடுத்துக் கொடுக்கும் என்பதால், அவை முழுமையாகவும் சரியாகவும் உள்ளனவா என்பதையும் சோதிக்க வேண்டும் (தணிக்கைத் தரநிலை எஸ்ஏ 500 இதையே கேட்கிறது). எடுக்கும்போது என்ன வடிகட்டி வைத்தார்கள் என்பதை அருகிலிருந்து பார்ப்பது நல்லது. ‘நடப்பில் உள்ளவை’ என்று மட்டும் வடிகட்டிய பட்டியலில் ரத்தான ஒப்பந்தங்கள் இருக்காது.

கணக்கு முறைக்கு வருவோம். தரநிலை மூன்று வழிகளைச் சொல்கிறது. கூடுதலாகச் சேர்ந்த சேவை தனித்துப் பிரிக்கக்கூடியதாகவும், அதன் விலை அதைத் தனியாக விற்றால் கிடைக்கும் விலையைப் பிரதிபலிப்பதாகவும் இருந்தால், அது புது ஒப்பந்தம். பழையதைத் தொட வேண்டாம். அப்படி இல்லாமல், மீதமுள்ள சேவை ஏற்கெனவே வழங்கியதிலிருந்து பிரிக்கக்கூடியதாக இருந்தால், பழைய ஒப்பந்தம் முடிந்து புதியது தொடங்கியதாகக் கொண்டு, திருத்த நாளிலிருந்து முன்னோக்கி மட்டும் கணக்கிட வேண்டும். மீதமுள்ளது பிரிக்க முடியாததாக இருந்தால் மட்டுமே தொடக்கத்திலிருந்து திரும்பக் கணக்கிட்டு, வேறுபாட்டைத் திருத்த நாளில் சரிசெய்ய வேண்டும். தூய சந்தாச் சேவை ஏறக்குறைய எப்போதும் முதல் இரண்டு வழிகளில் ஒன்றில்தான் விழும்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2024 ஏப்ரல் 1 முதல் 24 மாதங்களுக்கு, 100 பயனர்கள், பயனருக்கு மாதம் ரூ.1,000, ஆண்டுக் கட்டணம் ரூ.12,00,000 ஒவ்வோர் ஏப்ரலிலும் முன்பணமாக. டிசம்பர் இறுதியில் ஒன்பது மாத வருவாய் ரூ.9,00,000 கணக்கில் ஏறியிருக்கும், ஒத்திவைப்பில் ரூ.3,00,000 நிற்கும். 2025 ஜனவரி 1 அன்று இரு தரப்பும் ஒப்பந்தத்தைத் திருத்துகின்றன: மேலும் 50 பயனர்கள் உடனே சேர்கிறார்கள், மார்ச் 31 வரை அவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஏப்ரல் முதல் 150 பேருக்கும் தலா ரூ.800, ஒப்பந்தம் 2026 டிசம்பர் 31 வரை நீள்கிறது.

கணக்குப் பிரிவு இன்வாய்ஸைப் பின்பற்றிப் போகும். ஜனவரி முதல் மார்ச் வரை மாதம் ரூ.1,00,000, ஏப்ரல் முதல் மாதம் ரூ.1,20,000. ஒத்திவைப்பு இருப்பு மார்ச் 31 அன்று சுழியமாகி, அட்டவணையும் அழகாகப் பொருந்திவிடும். ஆனால் பழைய பயனர்களின் விலையும் சேர்ந்து குறைந்திருப்பதாலும், புதிய 50 பேருக்கு மூன்று மாதம் இலவசம் என்பதாலும், இந்தக் கூடுதலைத் தனி விற்பனை விலையில் வந்த புது ஒப்பந்தமாகக் கொள்ள முடியாது. எனவே இரண்டாம் வழி. ஒத்திவைப்பில் உள்ள ரூ.3,00,000-உடன் இனி வரவுள்ள 21 மாதக் கட்டணம் ரூ.25,20,000-ஐக் கூட்டினால் ரூ.28,20,000. 150 பேருக்கான சேவை 24 மாதங்களும் ஒரே அளவில் கிடைப்பதால், மாதத்திற்கு ரூ.1,17,500. நிதியாண்டின் வருவாய் ரூ.12,52,500, நிறுவனம் காட்டியதோ ரூ.12,00,000. இடையில் உள்ள ரூ.52,500, அடுத்த கட்டண நாள் வரும்வரை ஒப்பந்தச் சொத்தாக, அதாவது சேவை தந்தும் இன்னும் கட்டணம் கேட்கும் உரிமை பிறக்காத தொகையாக நிற்க வேண்டும். அதைப் பில் போட்ட வரவேண்டிய தொகைகளுடன் சேர்க்கக் கூடாது.

வருவாயில் மோசடி அபாயம் உண்டு என்ற அனுமானத்துடன் தொடங்கும் தணிக்கையாளர், வருவாய் மிகைப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று மட்டுமே தேடினால் இதைப் பார்க்கமாட்டார். இந்த ஆண்டு குறைவாகக் காட்டிய அதே தொகை அடுத்த ஆண்டில் ரூ.30,000-ஆகவும் அதற்கடுத்த ஒன்பது மாதங்களில் ரூ.22,500-ஆகவும் மிகையாகத் தோன்றும். ஒரே ஒப்பந்தத்தில் இது சின்னத் தொகை. ஆனால் ஆண்டு இறுதிக் காலாண்டில் ‘மார்ச் வரை இலவசம்’ என்ற ஒரே சலுகையைப் பல வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்திருந்தால், பிழைகள் எல்லாம் ஒரே திசையில் சேரும். திருத்தத்தின்போது பெரிய தொகையை முன்னால் வாங்கி அப்போதே வருவாயாக எடுத்திருந்தால் திசை தலைகீழாகும்.

இதற்கு எதிர்முனைத் தவறும் உண்டு. புதிதாகத் தரநிலையைப் படித்தவர், முழு ஒப்பந்தத்தையும் தொடக்கத்திலிருந்து சராசரியாக்கி, கடந்த ஒன்பது மாத வருவாயையும் குறைத்துவிடுகிறார். மொத்தம் ரூ.37,20,000-ஐப் பயனர்-மாதங்கள் 4,500-ஆல் வகுத்து, முதல் ஒன்பது மாதங்களுக்கு ரூ.7,44,000 மட்டுமே வருவாய் என்று கணக்கிட்டு, ரூ.1,56,000-ஐத் திருப்பி எழுதுகிறார். அந்தச் சேவை நாள்கள் முடிந்துவிட்டன, அன்றைய விலையும் ஒப்புக்கொள்ளப்பட்டது; விலைக் குறைப்பு எதிர்காலத்துக்கானது என்றால் கடந்ததைத் தொடக் காரணமில்லை.

‘எதிர்காலத்துக்கானது என்றால்’ என்ற நிபந்தனை முக்கியம். விலை ஏன் குறைந்தது என்று கேட்காமல் விடுவதை, என் பார்வையில், இந்தப் பகுதியின் மிக மோசமான பிழையாகவே கருதுகிறேன். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மென்பொருள் பலமுறை முடங்கியதற்கு ஈடாக ரூ.90,000 கழிவு தருவதாக ஒப்புக்கொண்டு, அதைத் தனியாகக் காட்டாமல் புதிய விலைக்குள் மறைத்து எழுதியிருக்கலாம். அப்படியானால் அந்த ரூ.90,000 ஏற்கெனவே வழங்கிய சேவையின் விலைக் குறைப்பு. அதை உடனே வருவாயிலிருந்து கழித்து, எஞ்சிய விலையை மட்டும் முன்னோக்கிக் கணக்கிட வேண்டும். திருத்த ஆவணத்தில் இது ஒரு வரிகூட இருக்காது. வாடிக்கையாளர் உதவிப் பிரிவின் புகார்ப் பதிவிலும், திருத்தத்திற்கு முந்தைய வாரங்களின் மின்னஞ்சல்களிலும் இருக்கும். நிதி இயக்குநரிடம் மட்டும் கேட்டால் ‘வழக்கமான புதுப்பித்தல் தள்ளுபடி’ என்ற பதில்தான் கிடைக்கும். அந்த வாடிக்கையாளரைக் கவனித்துக்கொள்ளும் விற்பனை அலுவலரிடமும் கேட்க வேண்டும்.

திருத்தம் ரத்து உரிமையையும் மாற்றலாம். 24 மாத ஒப்பந்தம் என்று தலைப்பில் எழுதிவிட்டு, 30 நாள் முன்னறிவிப்பில் அபராதம் இல்லாமல் விலகலாம் என்று உள்ளே ஒரு பிரிவைச் சேர்த்தால், கணக்கியல் நோக்கில் ஒப்பந்தக் காலம் அந்த முன்னறிவிப்புக் காலமாகச் சுருங்குகிறது. நம் எடுத்துக்காட்டில் இப்படி ஒரு பிரிவு இருந்திருந்தால், 24 மாதங்களுக்குச் சராசரியாக்கிய ரூ.1,17,500 நிற்காது. விலகினால் மீதிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றால், அந்தப் பகுதி ஒத்திவைப்பு வருவாய் அல்ல; திருப்பித் தர வேண்டிய பொறுப்பு. மார்ச் 28 அன்று அடுத்த ஆண்டுக்கான இன்வாய்ஸ் அனுப்பி, பணமும் வராமல், கட்டண நாளும் வராமல் இருக்கும்போதே வரவேண்டிய தொகையையும் ஒத்திவைப்பையும் இரு பக்கமும் ஏற்றுவதும் இந்த வகைதான். வருவாய் மாறாது, ஆனால் இருப்புநிலைக் குறிப்பு ஊதிப் பெருகும். கட்டணம் பெறும் நிபந்தனையற்ற உரிமை பிறந்த பிறகே வரவேண்டிய தொகை பிறக்கிறது. ரத்து செய்யக்கூடிய ஒப்பந்தத்தில் இன்வாய்ஸ் தேதி அந்த உரிமையைத் தராது. இதே இடத்தில், ஒத்திவைப்புத் தொகையில் ஜிஎஸ்டி கலந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். அது அரசுக்குச் சேர வேண்டிய தொகை.

வாடிக்கையாளருக்கு உறுதிப்படுத்தல் கடிதம் அனுப்பும்போது நிலுவைத் தொகையை மட்டும் கேட்பது வழக்கம். மேலே சொன்னவற்றில் எதுவும் நிலுவைத் தொகையில் தெரியாது. எஸ்ஏ 505 ஒப்பந்த விதிகளையும் உறுதிப்படுத்தக் கேட்க இடம் தருகிறது. எனவே பயனர் எண்ணிக்கை, தொடக்க நாள், முடிவு நாள், விலகும் உரிமை, எழுதப்பட்ட ஒப்பந்தத்துக்கு வெளியே ஏதேனும் உடன்பாடு உண்டா என்ற கேள்வி ஆகியவற்றைக் கடிதத்தில் சேர்க்க வேண்டும்; கடிதத்தைக் கட்டணப் பிரிவுக்கு அனுப்பாமல், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கு அனுப்ப வேண்டும். பதில் வராத வாடிக்கையாளர்களுக்கு, ஏப்ரல் முதல் தணிக்கை அறிக்கை நாள்வரை வழங்கப்பட்ட கிரெடிட் நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவை எந்த மாதச் சேவைக்கானவை என்று பார்ப்பது நல்ல மாற்று வழி.