"மிக்ஸி ஓடலை": ஒரு கேள்விக்கு ஒரு குட்டி வீடியோ, வசனம் எழுதுவது எப்படி?

சர்வீஸ் நம்பருக்கு வரும் கேள்விகளை ஒரு எக்ஸெல் ஷீட்டில் வரிக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள். மிக்ஸி விற்கும் கடையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் சொன்ன வார்த்தையைத் திருத்தாதீர்கள். "மோட்டார் செயலிழப்பு" என்று யாரும் யூடியூபில் தேடுவதில்லை. "மிக்ஸி திடீர்னு நின்னுடுச்சு" என்றுதான் தேடுவார்கள். அதுவே வீடியோவின் தலைப்பு, முதல் வசனமும் அதுதான்.

அடுத்து, பிரிப்பது. உண்மையான வேலை இங்கேதான். "மிக்ஸி ஓடலை" என்று பத்துப் பேர் கேட்டிருந்தால் அது ஒரே பிரச்சினை என்று நினைக்கத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் எதிரே "எப்போது நின்றது? சத்தம் வருகிறதா?" என்று எழுதிப் பாருங்கள். மாவு அரைக்கும்போது பாதியில் நின்றிருந்தால், பெரும்பாலும் சுமை கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு சுவிட்ச் விழுந்திருக்கும். மோட்டார் சத்தம் வந்தும் பிளேடு சுற்றாவிட்டால், மோட்டாரையும் ஜாரின் பிளேடையும் இணைக்கும் கப்ளர் தேய்ந்திருக்கலாம். சத்தமே இல்லையென்றால் பிளக்கையும், ஜார் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆக மூன்று வீடியோ. மூன்றையும் ஒன்றாகப் போட்டால், கப்ளர் தேய்ந்தவர் ஓவர்லோடு கதையைக் கேட்டுக்கொண்டு உட்கார மாட்டார்.

முதல் பிரச்சினைக்கு வசனம் இப்படி வரும். இடப்பக்கம் திரையில் தெரிவது, வலப்பக்கம் குரல்:

பாதி அரைத்த மாவு, நின்ற மிக்ஸி — "அரைக்கும்போதே மிக்ஸி நின்னுடுச்சா?"

கை பிளக்கைப் பிடுங்குகிறது — "முதல்ல சுவிட்சை ஆஃப் பண்ணி, பிளக்கை எடுங்க. ஜாரையும் எடுத்துடுங்க."

கடிகாரம் — "மோட்டார் ஆற பத்து, பதினைந்து நிமிஷம் விடுங்க."

மிக்ஸியின் அடிப்பாகம், ஓவர்லோடு சுவிட்சின் சிவப்புப் பட்டன் குளோஸப்பில் — "அடியில இருக்கிற இந்தப் பட்டனை அழுத்துங்க."

ஜாரில் பாதி மாவு — "மாவைப் பாதியாக் குறைச்சு, கொஞ்சம் தண்ணி விட்டு ஓட்டுங்க."

காலி ஜார் — "காலி ஜாரோட ஓட்டியும் நின்னா, சர்வீஸுக்குக் கொண்டு வாங்க."

நான் முதலில் எழுதியபோது பட்டனை முதலில் போட்டு, ஆற விடுவதைக் கடைசியில் சொன்னேன். பார்ப்பவர்கள் சொல்லச் சொல்லச் செய்துகொண்டே வருவார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. சூடான மோட்டாரில் பட்டன் நிற்காமல் மறுபடி வெளியே வந்துவிட, "வீடியோ பாத்தும் சரியாகலை" என்று போன் வந்தது. வரிசை மாறினால் வசனம் தப்பு. கடைசி வரியையும் விடாதீர்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லாவிட்டால் சிலர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடுவார்கள்.

எழுதி முடித்ததும் போன் ஸ்டாப்வாட்சை வைத்துச் சத்தமாக வாசியுங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் உள்ளே இன்னொரு பிரச்சினை ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டனின் இடம் மாடலுக்கு மாடல் மாறும், சிலவற்றில் பட்டனே இருக்காது. அதனால் எந்த மாடலுக்கான வீடியோ என்பதை முதல் காட்சியிலேயே எழுத்தில் போட்டுவிடுங்கள்.