இரண்டு கட்டுரையை ஒட்டினால் ஒப்பீடு ஆகாது

உளவியல் மாணவர்கள் ஆளுமை பற்றி எழுதும் ஒப்பீட்டுக் கட்டுரைகளை ஒரு கட்டாகத் திருத்த உட்கார்ந்தால், ஐந்தாவது தாளிலேயே எனக்குத் தெரிந்துவிடும். முதல் மூன்று பக்கம், ஆளுமையை அளக்கக்கூடிய குணங்களாகப் பார்க்கும் பண்புக்கூறு அணுகுமுறை, அடுத்த மூன்று பக்கம், அதை அடிமனத்து மோதல்களின் விளைவாகப் பார்க்கும் உளவியக்க அணுகுமுறை, கடைசிப் பத்தியில் "இரண்டிலும் நிறைகுறைகள் உள்ளன". வகுப்பில் ட்ரெய்ட், சைக்கோடைனமிக் என்று சரளமாகப் பேசும் பிள்ளைகள்கூடத் தாளில் இப்படித்தான் எழுதுகிறார்கள். கோபப்பட எனக்கு அருகதை இல்லை. எம்.ஏ. படித்தபோது நானும் பன்னிரண்டு பக்கத்துக்கு இதையேதான் எழுதினேன். திரும்பி வந்த தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி இருந்தது: "இரண்டு கட்டுரைகளும் நன்று. ஒப்பீடு எங்கே?"

பெயரைத் தப்பாக எழுதுவது, ஆண்டை மாற்றிப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றுக்கு அரை மதிப்பெண்தான் போகும். இங்கே சொல்வது அதைவிடப் பெரிய தவறுகள்.

பண்புக்கூறு என்றால் வகை என்று நினைப்பது

வகை என்பது பெட்டி, பண்புக்கூறு என்பது அளவுகோல். எல்லோரும் அதில் எங்கோ ஓரிடத்தில் இருப்பார்கள்.

அடுத்தடுத்து வைத்துவிட்டு ஒப்பிட்டதாக நினைப்பது

மதிப்பெண்ணை மொத்தமாகக் கொண்டுபோவது இதுதான். உளவியக்கத் தரப்பின் ஃப்ராய்டுக்கு மனத்தின் மூன்று பகுதிகளாக இட், ஈகோ, சூப்பர்ஈகோ. பண்புக்கூறுத் தரப்பின் கோஸ்டா, மெக்ரே இருவருக்கும் ஆளுமையை அளக்க ஐந்து காரணிகள். இப்படிப் பட்டியல் போட்டால் ஒன்று மற்றொன்றைத் தொடவே தொடாது. இரண்டும் ஒரே ஆளைப் பார்த்துப் பேச வேண்டும். அதனால் மாணவர்களிடம் நான் முதலில் ஓர் ஆளைக் கொடுத்துவிடுவேன்.

அவருக்கு நாற்பது வயது, வங்கி வேலை. சட்டைகளை நிறவாரியாக அடுக்கி வைப்பார். தபாலில் வந்த உறைகளைப் பிரித்து, பின்பக்கத்தில் வீட்டுக் கணக்கு எழுதுவார். ஒரு முடிவெடுத்துவிட்டால் மனைவி, மகன், மேலாளர் யார் சொன்னாலும் அசையமாட்டார். ஒழுங்கு, சிக்கனம், பிடிவாதம். இனி அவரை இரண்டு தரப்பிடமும் அனுப்புவோம்.

ஃப்ராய்டு 1908-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இதே மூன்று குணங்களும் சேர்ந்தே வருகின்றன என்றார். வேர் எங்கே என்றால், குழந்தைக்குக் கழிப்பறைப் பழக்கம் கற்றுத்தரும் பருவத்தில். அழுக்கில் இருந்த இன்பத்தை அடக்கியதன் மறுபக்கமே ஒழுங்கு, மலத்தை அடக்கி வைத்த பழக்கமே பின்னாளில் காசை இறுக்கிப் பிடிப்பது என்பது அவர் வாதம். ஆக, மூன்று குணமும் ஒரே முடிச்சு.

கோஸ்டா, மெக்ரே இருவரின் 1992 வினாத்தொகுப்பில் 240 கூற்றுகள் இருக்கும். அதில் இவரை உட்காரவைத்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். ஒழுங்கு பொறுப்புணர்வு என்ற காரணிக்குள் போகும். பிடிவாதம் பெரும்பாலும் இணக்கம் என்ற காரணியில் குறைந்த மதிப்பாக வரும். சிக்கனத்துக்குத் தனி இடமே இல்லை. பொறுப்புணர்வும் இணக்கமும் வெவ்வேறு அளவுகோல்கள் என்பதால், ஒழுங்கானவர் பிடிவாதக்காரராகவும் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பாருங்கள், இங்கே முதல் மோதல் கிடைத்துவிட்டது. இந்தக் குணங்கள் சேர்ந்து வருமா, வராதா? இது ஆய்வு செய்து பார்க்கக்கூடிய கேள்வி. ஃபிஷர், கிரீன்பெர்க் இருவரும் 1977-இல் ஃப்ராய்டின் கருத்துகள் மீதான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்று குணங்களும் ஓரளவு சேர்ந்தே வருகின்றன என்பதற்கு ஆதரவு இருந்தது. கழிப்பறைப் பழக்கம்தான் காரணம் என்பதற்கு நம்பும்படியான ஆதரவு இல்லை. அதாவது ஃப்ராய்டின் கண் ஓரளவு சரி, காரணம் சொன்ன வாய்தான் தடுமாறியது. இந்த ஒரு வரியை எழுதும் மாணவரின் தாளில் என் பேனா தானாக நின்றுவிடும். வருணனையையும் விளக்கத்தையும் அவர் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

அடுத்து காரணம். இரட்டையர் ஆய்வுகளின்படி, பொறுப்புணர்வில் மக்களிடையே காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபுவழி வேறுபாட்டோடு தொடர்புடையது. ஒரே வீட்டில் வளர்ந்ததன் பங்கு மிகச் சிறியது. பெற்றோரின் கண்டிப்பே குணத்தை வார்க்கிறது என்ற கதைக்கு இது நேரடி அடி. ஆனால் "அவருடைய ஒழுங்கில் பாதி மரபணு" என்று எழுதிவிடாதீர்கள். அந்த எண் மக்கள்தொகையில் உள்ள வேறுபாட்டைப் பற்றியது, வங்கிக்காரரின் சட்டை அலமாரியைப் பற்றியது அல்ல.

அப்புறம், எந்த விளக்கத்தைப் பொய்யென்று காட்ட முடியும்? சட்டைகளை அடுக்கினால் அடக்கியதன் எதிர்வினை, தரையில் எறிந்தால் அந்தப் பருவத்தின் கலகம் என்று ஃப்ராய்டு தரப்பு இரண்டுக்கும் பதில் வைத்திருக்கிறது. எது நடந்தாலும் ஜெயிக்கும் கோட்பாடு எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இதை எல்லோரும் எழுதிவிடுவார்கள். எதிர்த்தரப்பையும் அதே கூண்டில் ஏற்றுவதுதான் விட்டுப்போகும். அவர் ஏன் ஒழுங்காக இருக்கிறார்? பொறுப்புணர்வு அதிகம். பொறுப்புணர்வு அதிகம் என்று எப்படித் தெரியும்? ஒழுங்காக இருக்கிறாரே! வட்டம்தான். வினாத்தொகுப்பில் அவர் வாங்கிய மதிப்பை வைத்து வேறு ஏதாவது கணிக்க முடிந்தால், வேலைத் திறனையோ நலப் பழக்கங்களையோ, அப்போதுதான் வட்டம் உடையும். அந்தக் கணிப்புகள் உண்மையில் கிடைத்திருக்கின்றன என்பதையும் எழுதுங்கள்.

சேர்ந்து வருதல், காரணம், பொய்ப்பிக்க முடிதல்: ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு தரப்பும் வந்துவிட்டன. ஆறு கேள்வி வேண்டாம், இந்த மூன்றே போதும். உங்கள் தாளில் இது நடந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. "ஃப்ராய்டு" என்ற சொல்லின் கீழ் கோடிடுங்கள். எல்லாக் கோடுகளும் ஒரே இரண்டு பக்கத்தில் குவிந்திருந்தால் திரும்ப எழுதுங்கள்.

மிஷெலைக் கோடாலியாகப் பிடிப்பது

1968-இல் உளவியலாளர் வால்டர் மிஷெல், பண்புக்கூறுக்கும் நடத்தைக்கும் உள்ள ஒட்டுறவு, அதாவது இரண்டும் எந்த அளவு சேர்ந்து மாறுகின்றன என்ற எண், சுமார் 0.30-ஐத் தாண்டுவது அரிது என்றார். அதை எழுதிவிட்டு "எனவே பண்புக்கூறு தோற்றது" என்று முடிக்கிறார்கள். அந்த எண் ஒரே ஒரு சந்தர்ப்பத்து நடத்தைக்குத்தான். பல நாள் நடத்தையைச் சராசரி எடுத்தால் ஒட்டுறவு கூடும் என்று 1979-இல் எப்ஸ்டீன் காட்டினார். நம் வங்கிக்காரரும் காய்ச்சல் வந்த அன்று சட்டையை நாற்காலியில் போட்டிருப்பார்.

இரண்டும் தனித்தனித் தீவுகள் என்று எழுதுவது

ஐசெங்க் பண்புக்கூறாக அளந்த அகமுகம், புறமுகம் என்ற சொற்களைப் பரப்பியவர் உளவியக்கத் தரப்பைச் சேர்ந்த யுங்.

ஆல்போர்ட் கதையை நகைச்சுவையாக்குவது

1920-இல், 22 வயதில், பின்னாளில் பண்புக்கூறு அணுகுமுறையின் முன்னோடியான கார்டன் ஆல்போர்ட் வியன்னாவில் ஃப்ராய்டைப் பார்க்கப் போனார். ஃப்ராய்டு பேசாமல் உட்கார்ந்திருக்க, அமைதியைக் கலைக்க, வரும் வழியில் டிராமில் பார்த்த சிறுவனைப் பற்றிச் சொன்னார். அவனுக்கு நான்கு வயது இருக்கும், அழுக்கென்றால் அலறினான், பக்கத்தில் மடிப்புக் கலையாத அம்மா. கேட்டுவிட்டு ஃப்ராய்டு, "அந்தச் சிறுவன் நீங்கள்தானா?" என்றார். ஆல்போர்ட் திகைத்துப்போனார், மேலோட்டமாகத் தெரியும் நோக்கத்தை விட்டு இவ்வளவு ஆழத்துக்குப் போகவேண்டுமா என்று பிற்பாடு எழுதினார்.

இதை "ஃப்ராய்டு சொதப்பினார்" என்று முடிக்கும் தாள்கள் நிறைய வருகின்றன. ஆனால் கதை நமக்கு வந்தது ஆல்போர்ட் வாய்வழியாக மட்டுமே. போன வருடம் ஒரு மாணவி தாளில் இப்படிக் கேட்டிருந்தாள்: டிராமில் அத்தனை பேர் இருக்க, ஆல்போர்ட் ஏன் அந்தச் சிறுவனைத் தேர்ந்தெடுத்துச் சொன்னார்? பண்புக்கூறு வினாத்தொகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்க இடமே இல்லை, ஃப்ராய்டிடமோ அதற்கு வரும் பதிலைச் சரிபார்க்க வழி இல்லை, என்று அடுத்த வரியில் அவளே எழுதியிருந்தாள்.