மூலைவிட்டம் அளந்து அறைக்கு மூலைமட்டம் பார்ப்பது எப்படி

12 அடிக்கு 10 அடியில் ஒரு அறைக்கு அத்திவாரம் வெட்டப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மேசனின் மூலைமட்டம் 2 அடி நீளம் என்றால், அதில் வரும் சிறு பிசகு 12 அடி தள்ளிப் போகும்போது ஆறு மடங்காகிவிடும். அதனால் மூலைவிட்டத்தை அளந்து பார்ப்பதையே நான் நம்புகிறேன்.

முதலில் நான்கு முளை அடியுங்கள். எழுவான்கரை மணலில் ஒரு அடி முளை நூலின் இழுவைக்கே சாய்ந்துவிடும். 2 அடி முளையாக ஆழமாக இறக்கி, நான்கின் தலையையும் தண்ணீர்க் குழாயால் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒன்று உயரமாகவும் மற்றது பதிவாகவும் நின்றால் நாடா சரிவாகக் கிடந்து நீளத்தைக் கூட்டிக் காட்டும். தலையில் ஆணி அடித்து, சுற்றிவர அ, ஆ, இ, ஈ என்று பெயர் வையுங்கள். அளவெல்லாம் ஆணியிலிருந்து ஆணிக்குத்தான்.

அடுத்தது பக்கங்கள். அ–ஆவும் ஈ–இயும் 12 அடி, ஆ–இயும் அ–ஈயும் 10 அடி. இதைத் தவறவிட்டால் பிறகு அளப்பது வீண். ஈ–இ இரண்டு முனையிலும் ஒவ்வொரு அங்குலம் குறைந்து 11 அடி 10 அங்குலமாக இருந்தாலும் மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாகத்தான் வரும். ஆனால் ஒரு மூலைகூட நேராக இருக்காது.

இனி அ–இயையும் ஆ–ஈயையும் அளக்க வேண்டும். இரண்டு பேர் வேண்டும்; நாடாவை இரண்டு முறையும் ஒரே இறுக்கத்தில் பிடியுங்கள். கச்சான் காற்று அடிக்கும் நாளில் நாடா வளைந்துவிடும், காலையிலேயே அளந்துவிடுவது நல்லது. சரியான அறையில் இரண்டுமே 15 அடி 7½ அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவாக இருக்கும்.

அ–இ 15 அடி 9, ஆ–ஈ 15 அடி 6 என்று வந்தால்? வித்தியாசம் 3 அங்குலம். இ, ஈ முளைகள் இரண்டையும் ஒன்றாக, ஈ–இ நூலின் வழியே, ஆ பக்கமிருந்து அ பக்கமாக நகர்த்துங்கள். நீண்டது குறையும், குறுகியது கூடும். இந்த அளவு அறையில் ஒரு அங்குலம் நகர்த்தினால் வித்தியாசம் ஒன்றரை அங்குலம் குறையும். ஆகவே இங்கே 2 அங்குலம் போதும். ஒரு முளையை மட்டும் நகர்த்தினால் பக்க அளவு கெட்டுவிடும். நகர்த்தியபின் நான்கு பக்கத்தையும் மறுபடி அளந்துவிட்டுத்தான் மூலைவிட்டத்துக்கு வரவேண்டும்.

கால் அங்குல வித்தியாசம் மிஞ்சினால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். 10 அடிச் சுவரில் அது அங்குலத்தில் ஆறில் ஒரு பங்குச் சாய்வுதான், பூச்சில் அடங்கிவிடும்.

குழி வெட்டும்போது இந்த முளைகள் போய்விடும். அதற்கு முன்பே நூல்களை இருபுறமும் 3 அடி வெளியே நீட்டி, அங்கே வேறு முளைகளில் கட்டிவிடுங்கள். நூல்கள் ஒன்றையொன்று வெட்டும் இடமே இனி உங்கள் மூலை.