மகரந்தம் முளைக்கவில்லை என்றால் அது செத்துவிட்டது என்று எழுதாதீர்கள்

நித்தியகல்யாணியின் மகரந்தத்தைச் சர்க்கரைக் கரைசலில் இட்டு, மகரந்தக்குழல் வருகிறதா என்று பார்க்கும் சோதனையில் பல மாணவர்கள் "உயிர்ப்புத்திறன் 0%" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்தச் சுழியத்தைக் கண்டதும் முதலில் கரைசலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சர்க்கரை குழலுக்கு உணவு மட்டுமல்ல. நீர் அளவுக்கு மீறி உள்ளே பாயாமல் தடுப்பதும் அதுதான். கரைசல் மிக நீர்த்திருந்தால் மகரந்தத்தூள் உப்பி வெடிக்கும். வெளியே பீறிடும் சாறு பார்ப்பதற்கு வால் போலவே இருக்கும். அதைக் குழல் என்று எண்ணிவிடுவதுதான் நான் அதிகம் கண்ட தவறு. உண்மையான குழலுக்கு இருபுறமும் தெளிவான சுவர் தெரியும், அகலம் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும், கூர்ந்து பார்த்தால் உள்ளே துகள்கள் ஓடுவது தெரியும். வெடித்த தூளின் சாறோ ஓரம் கலைந்து மேகம்போலப் பரவும்.

நித்தியகல்யாணிக்கு 10 கிராம் சர்க்கரையைக் கரைத்து மொத்தம் 100 மில்லியாக்கினால் போதும். ஆனால் சர்க்கரை மட்டும் இருந்தால் போதாது. பூவில் சூலகமுடியும் சூலகத்தண்டும் தரும் போரானை இங்கே நாம்தான் தர வேண்டும். தேவை 100 மில்லிக்கு 10 மில்லிகிராம் போரிக் அமிலம். பள்ளித் தராசில் அதை நிறுக்க முயன்று கண்ணளவாகப் போட்டுவிடாதீர்கள். 1 கிராமை நீரில் கரைத்து 100 மில்லியாக்கி, அதிலிருந்து 1 மில்லி எடுத்தால் சரியாக 10 மில்லிகிராம் வந்துவிடும். அந்த 1 மில்லியையும் சேர்த்தே சர்க்கரைக் கரைசல் 100 மில்லியாக இருக்க வேண்டும். கால்சியம் நைட்ரேட் 30 மில்லிகிராம் சேர்த்தால் இன்னும் நல்லது.

காலையில் புதிதாக விரிந்த பூவையே பறியுங்கள். இந்தப் பூவின் மகரந்தப்பைகள் இதழ்க்குழாயின் வாய்க்குள் ஒளிந்திருப்பதால், குழாயை ஊசியால் நீளவாக்கில் பிளந்தால்தான் கிடைக்கும். ஸ்லைடில் ஒரு துளி கரைசலை வைத்து, தூளைக் கட்டியாக விடாமல் அதில் மெல்லப் பரப்புங்கள். கட்டிக்குள் எது முளைத்தது என்று எண்ணவே முடியாது.

துளியைத் திறந்து வைத்துவிட்டு மதிய உணவுக்குப் போவது அடுத்த தவறு. நீர் ஆவியாக ஆவியாகச் சர்க்கரைச் செறிவு ஏறி, வளர்ந்த குழலும் நின்றுவிடும். ஈர வடிதாள் விரித்த பெட்ரி தட்டில் ஸ்லைடை இரண்டு தீக்குச்சிகள் மேல் வைத்து மூடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

எண்ணும்போது, தூளின் விட்டத்தைவிட நீண்ட குழலை மட்டுமே முளைத்ததாகக் கொள்ளுங்கள். நிறைய முளைத்த இடத்தைத் தேடிப் போகாமல், ஸ்லைடின் ஐந்து இடங்களில் எண்ணுங்கள். உதாரணமாக 200 தூள்களில் 124 முளைத்திருந்தால் 62%. அது இந்தக் கரைசலில் முளைத்த விகிதம். மீதி 38% முழுவதும் செத்தவை என்று பொருளல்ல. அறிக்கையில் "முளைப்பு விகிதம்" என்றே எழுதி, கரைசலின் அளவுகளையும் பார்த்த நேரத்தையும் அதன் பக்கத்திலேயே குறியுங்கள்.