புத்தாண்டுத் தட்டம்: கண்ணாடியில் இருந்து தொடங்குங்கள்

சித்திரைப் புத்தாண்டுக்கு யாழ்ப்பாணம் வந்து நிற்பவர்கள், விடியக் கண்விழித்ததும் முதலில் பார்க்கும் தட்டத்தைத் தாங்களே அடுக்க ஆசைப்படுவார்கள். இங்கே எல்லா வீட்டிலும் இந்த வழக்கம் இல்லை. பல வீடுகளில் வாசல் கோலமும் நிறைகுடமும்தான். அதனால் முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.

பழத்தையும் பூவையும் அடுக்கி முடித்து, மிஞ்சிய இடத்தில் கண்ணாடியைச் செருகினால், காலையில் அதில் முகட்டு ஓடுதான் தெரியும். பெரிய பித்தளைத் தட்டத்தில் இரண்டு விரல் உயரத்துக்குப் பச்சையரிசி பரப்பி, ஒரு சாண் உயரக் கண்ணாடியைப் பின்பக்கம் ஊன்றுங்கள். அதன் முதுகுக்கு ஒரு தேங்காயை முட்டுக் கொடுத்தால் அசையாது. பிறகு நீங்களே முன்னால் சம்மணமிட்டு இருந்து பாருங்கள். உங்கள் முகமும் முன்னால் வைக்கப்போகும் நகையும் சேர்ந்து தெரியும்வரை கண்ணாடியைச் சரியுங்கள். சின்னப் பிள்ளைகள் பார்க்கும்போது சாய்வைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

விளக்கைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்காதீர்கள், முகம் இருண்டு போகும். தட்டத்துக்கு முன்னால், பார்ப்பவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு குத்துவிளக்கு வைத்தால் வெளிச்சம் முகத்தில் விழும், பொன்னும் மினுங்கும்.

நகையை அரிசி மேல் நேரே வைக்க வேண்டாம். ஒரு வருடம் சித்தியின் தோட்டுச் சுரை அரிசிக்குள் இறங்கிவிட்டது. அந்த அரிசிதான் பொங்கலுக்கு என்பதால், பானையில் போடுமுன் சுளகில் கொட்டி ஒவ்வொரு பிடியாகத் தேடினோம். கிடைத்தது, ஆனால் பொங்கல் பிந்திவிட்டது. அன்றிலிருந்து தோடு, மோதிரம் எல்லாம் சிறு கிண்ணத்தில். சங்கிலியையும் காப்பையும் வெற்றிலை மேல், கண்ணாடிக்கு நேர்முன்னே வைப்போம். ஒன்று இரண்டாகத் தெரியும், அதனால் நிறைய நகை தேவையில்லை. இரவு வைக்கும்போது கைபேசியில் ஒரு படம் எடுத்து, எடுக்கும்போது அதோடு ஒப்பிட்டு எண்ணுங்கள்.

பழம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கலாம். கதலிச் சீப்பு முழுக்கப் பழுத்திருந்தால் சித்திரை வெக்கையில் விடியுமுன் காம்பு கழன்று விழும். பாதி பச்சை, பாதி மஞ்சளாக எடுங்கள். மாம்பழம், மாதுளை, முந்திரிகை எதுவானாலும் வெடிக்காததாக, வெட்டாமல் வையுங்கள், எறும்பு வராது.

பூவைக் கடைசியாக வையுங்கள். மல்லிகைச் சரத்தை இரவே சுற்றினால் காலையில் பழுப்பேறிவிடும். ஈரத் துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, எல்லோருக்கும் முன் எழும்புகிற ஒருவர் எடுத்துச் சூட்டட்டும். நீர்த்துளியை உதறிவிட்டுத்தான் சூட்ட வேண்டும், கண்ணாடியில் பட்டால் புள்ளி விழும்.

அவரே விளக்கையும் ஏற்றிவிட்டு, அறைக்குள் வந்து அம்மம்மாவின் கண்ணைப் பொத்தி மெதுவாகக் கூட்டிக்கொண்டு போகலாம்.